குறைந்த விலை சொன்ன பஸ்ஸில் எதைக் குறைத்திருக்கிறார்கள்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் மாதர் பிரிவினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் சம்பளத்தைப் பற்றியோ கொழுந்து நிறையைப் பற்றியோ பேசப்போவதில்லை. சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து ஒரு பஸ் பிடித்துக் கதிர்காமம் போகிறோமே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஐந்தாறு மாதம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசை ஒரே நாளில் ஒரு பஸ்காரரின் கையில் கொடுக்கிறோம். பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை முழுக் குடும்பத்தையும் அந்த ஒரு வண்டியில் ஏற்றுகிறோம். ஆனால் அந்த வண்டியைப் பேசி முடிக்கப் பத்து நிமிடம்கூட நாம் செலவழிப்பதில்லை. போனில் விலை கேட்கிறோம், குறைத்துச் சொன்னவருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம், அத்தோடு சரி.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நமது மலைப்பாதையில் நடந்தவற்றை நாம் எல்லோரும் அறிவோம். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லையில், மாணவர்களைச் சுற்றுலா ஏற்றிவந்த பஸ் இறக்கத்தில் மோதியதில் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்த 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியுமுன், கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் கொத்மலை கரண்டியெல்லையில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் மூன்றும் மலைப்பாதையில் நடந்தவை, மூன்றும் இருட்டில் நடந்தவை. நாமும் கதிர்காமத்துக்கு அதே மலையில்தான் இறங்கி ஏறுகிறோம், அதுவும் பெரும்பாலும் இரவில்.

ஒரு கணக்கை எடுத்து, அதை மட்டும் முழுதாகப் பார்ப்போம். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கதிர்காமம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் 30 பேர், பாடசாலை போகும் பிள்ளைகள் 8 பேர், மடிக் குழந்தைகள் 3 பேர், மொத்தம் 41 பேர். நாம் சொல்லப்போகும் விலைகள் கணக்குக் காட்டுவதற்காகத்தான். டீசல் விலை மாறும்போது அவையும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் ஆட்களையும் மூட்டைகளையும் எண்ணுவோம்

நாம் வழக்கமாகப் பெரியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, "பிள்ளைகளை இடையில் உட்கார வைக்கலாம்" என்று சொல்வோம். ஏழெட்டு மணி நேரப் பயணத்தில் அது நடக்காது. நடந்து திரியும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட் வேண்டும். ஆகவே நமது கணக்கில் வேண்டியது 38 சீட்.

மூன்று வேன் பிடித்தால் மலிவு என்று சிலர் சொல்வார்கள். 14 பேர் வேன் என்றால் 14 சீட்டும் நிறைந்த பின் மூட்டை வைக்க இடமில்லை. கடைசி சீட்டுக்கும் பின் கதவுக்கும் இடையில் ஒரு முழம் இருந்தால் பெரிது. மூட்டையோடு போகிறவர்கள் அந்த வேனில் ஒன்பது பத்துப் பேர்தான் ஒழுங்காக உட்கார முடியும். அப்படிப் பார்த்தால் 38 பேருக்கு நான்கு வேன் வேண்டும், நான்கு சாரதிகளும் வேண்டும். அதனால் நமது கூட்டத்துக்கு 45 சீட் பஸ் ஒன்றுதான் பொருத்தம். இருபது பேருக்கு உட்பட்ட குடும்பம் என்றால் வேனை யோசிக்கலாம். இடைப்பட்ட தொகைக்கு 26, 29 சீட் சின்ன பஸ் இருக்கிறது. அதிலும் மூட்டைக்கு இடம் குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

பஸ்ஸிலும் எல்லாம் ஒன்றல்ல. சுற்றுலா ஓடும் பஸ்ஸில் பக்கவாட்டிலும் பின்னாலும் சாமான் பெட்டி இருக்கும். ரூட்டில் ஓடும் பஸ்ஸிலும் டிப்போ பஸ்ஸிலும் பெரும்பாலும் அது இருக்காது. பெட்டி இல்லாத பஸ் என்றால் ஆள் கணக்குக்கு மேல் ஏழெட்டு சீட் மிச்சமாக இருக்க வேண்டும். கடைசி வரிசையை மூட்டைக்கென்று விட்டுவிடலாம்.

நம்மவர்கள் கதிர்காமம் போனால் துணிப்பையோடு நிற்பதில்லை. அண்டா, சட்டி, அரிசி மூட்டை, தேங்காய், பாய், தலையணை எல்லாம் ஏறும். இவற்றை நடைபாதையில் அடுக்கினால் பின்னால் இருக்கும் அவசரக் கதவுக்கு யாரும் போக முடியாது. கூரையில் கட்டினால் வண்டியின் மேல்பாரம் கூடி, வளைவில் சாயும். கனமான சாமான் கீழே இருக்க வேண்டும், கூரையில் ஏற்றுவதென்றால் பாய் தலையணை மட்டும். காஸ் சிலிண்டரையும் மண்ணெண்ணெய்க் கேனையும் ஆட்கள் இருக்கும் வண்டிக்குள் ஏற்றவே வேண்டாம். கதிர்காமத்தில் சாப்பாட்டுக் கடைகள் நிறைய உண்டு. இரண்டு வேளைச் சோற்றுக்காக 41 பேர் நடுவில் ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு மலை இறங்குவது தேவையில்லாத வேலை.

இன்னொரு விஷயம் தோட்டப் பாதை. பெரிய பஸ் லயத்தடிக்கு வருமா, வந்தால் திரும்ப இடம் இருக்கிறதா என்று பஸ்காரருக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியும். வராது என்றால் எந்தச் சந்தியில் நிற்பது, அதுவரை மூட்டைகளையும் வயதானவர்களையும் எதில் கொண்டுவருவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அந்த முச்சக்கர வண்டிக் கூலியும் நமது செலவுதான். பஸ் தோட்டத்துக்குள் வருவதென்றால் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

விலை கேட்பது எப்படி

இப்போது நமது ஆறு வீட்டுக்காரர்கள் இரண்டு பேரிடம் விலை கேட்கிறார்கள்.

முதலாமவர் போனில் சொல்கிறார்: "கதிர்காமம் போய்வர 85,000. எல்லாம் சேர்த்து. சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு ஏறுங்கள், ஞாயிறு இரவு அங்கிருந்து வெளிக்கிட்டால் திங்கள் காலை பெரட்டுக்கு இறக்கிவிடுவேன்."

இரண்டாமவர் எழுதித் தருகிறார்: "ஒரு கிலோமீற்றருக்கு 210 ரூபா, 480 கிலோமீற்றருக்கு 100,800 ரூபா. அதற்கு மேல் ஓடினால் அதே 210. ஓர் இரவு தரிப்புக் கூலி 6,000. சாரதிக்கும் உதவியாளருக்கும் சாப்பாடும் படுக்கையும் உங்கள் பொறுப்பு."

கேட்டவுடன் எல்லோரும் முதலாமவர் பக்கம்தான் சாய்வார்கள். காரணம், 85,000 எங்கே, லட்சத்துக்கு மேல் எங்கே! சரி, இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி, எத்தனை கிலோமீற்றர் வரை இந்த விலை? ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியாகக் கதிர்காமம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். போய்வர 440. செல்லக்கதிர்காமம் போவது, தங்கும் இடத்துக்கும் கோவிலுக்கும் ஓடுவது என்று இன்னும் 30. இத்தோடு முடியவில்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நமது சந்திக்கு வருவதும், கடைசியில் திரும்பிப் போவதும் கணக்கில் ஏறும். அது 15 கிலோமீற்றர் தூரம் என்றால் போகவர 30. ஆக மொத்தம் 500 கிலோமீற்றர்.

இதைக் கேட்ட பிறகுதான் முதலாமவர் சொல்கிறார், 85,000 என்பது 400 கிலோமீற்றருக்குத்தான், மேலதிகம் ஒவ்வொன்றுக்கும் 230 ரூபா என்று. அப்படியானால் மேலதிகம் 100 கிலோமீற்றருக்கு 23,000. சாரதியின் சாப்பாட்டுக்கு 3,000 தனியாக வேண்டுமாம். இப்போது 85,000 என்பது 111,000 ஆகிவிட்டது.

இரண்டாமவருக்கு 100,800. மேலதிகம் 20 கிலோமீற்றருக்கு 4,200. தரிப்புக் கூலி 6,000. சாரதிக்கும் உதவியாளருக்கும் சாப்பாடு, படுக்கை 6,000. மொத்தம் 117,000.

16,000 போலத் தெரிந்த வித்தியாசம் கடைசியில் 6,000தான். பெரியவர்கள் 30 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 200 ரூபா. அந்த 200 ரூபாவுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம். இரண்டாமவரின் கணக்கில் சாரதிக்கு ஒரு படுக்கையும் ஓர் இரவுத் தூக்கமும் இருக்கிறது. முதலாமவரின் கணக்கில் அது இல்லை. விலை எதனால் குறைந்தது என்று தேடிப் போனால், பல தடவை இந்த இடத்தில்தான் வந்து நிற்போம்.

நமக்கும் ஓர் இரவு மடத்தில் தங்கும் செலவு வரும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். அதையும் சீட்டுப் பிடிக்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாரதியின் தூக்கம்

முதலாமவரின் திட்டத்தை மணிக்கணக்கில் பாருங்கள். சனிக்கிழமை பகல் முழுவதும் அந்தச் சாரதி வேறு ஓட்டம் ஓடியிருப்பார். இரவு ஒன்பதுக்கு நம்மை ஏற்றுகிறார். நடுநிசி தாண்டி எல்ல – வெல்லவாய இறக்கத்தில் இறங்குகிறார். விடியற்காலை கதிர்காமம். பகலில் வெயிலில், பஸ்ஸுக்குள், நமது பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் இரண்டு மணி நேரம் கண்ணை மூடுவார். அதற்குள் செல்லக்கதிர்காமம் போகவேண்டும் என்று நாமே எழுப்புவோம். ஞாயிறு இரவு மறுபடியும் மலை ஏற்றம். திங்கள் விடியும்போது அவர் ஒழுங்கான தூக்கம் தூங்கி இரண்டு நாளாகியிருக்கும்.

மனித உடம்புக்குப் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் தூக்கம் மிகவும் அழுத்தும். அது எவ்வளவு திறமையான சாரதி என்றாலும் மாறாது. நமது இராக் காவல்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்குத் தெரியும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகும் கொஞ்சம் அழுத்தும். தேநீரும் வெற்றிலையும் பாட்டுச் சத்தமும் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், தூக்கத்துக்கு ஈடாகாது. ஐரோப்பிய நாடுகளில் பஸ் சாரதி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அகலமான, நேரான வீதிகளுக்கே அந்தச் சட்டம். நமது வளைவுகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்வதில் தவறே இல்லை.

இப்போது பகல் பயணத்தைப் பார்ப்போம். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஏறுகிறோம். ஏழு மணியளவில் நுவரெலியா, அங்கே அரை மணி நேரம் காலைச் சாப்பாடு. ஒன்பதரை மணி போல எல்ல. இறங்குவதற்கு முன் இருபது நிமிடம் நிறுத்துகிறோம். சாரதி தேநீர் குடிக்கட்டும், டயரையும் பிரேக்கையும் ஒரு தடவை பார்க்கட்டும். பதினொரு மணியளவில் வெல்லவாய, ஒரு மணியளவில் கதிர்காமம். மாணிக்க கங்கையில் குளித்து, மாலைப் பூசை பார்க்க நேரம் தாராளம். பஸ் நிற்கிறது, சாரதி படுக்கையில் தூங்குகிறார். ஞாயிறு காலை சாமி கும்பிட்டு, பத்து மணிக்கு முன் வெளிக்கிட்டால் மலை ஏற்றம் முழுவதும் வெளிச்சத்தில் முடியும். இருட்டுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இதற்கு ஒரு சாரதி போதும். ஒரே மூச்சில் போய்த் திரும்ப வேண்டும், இரவில்தான் ஓட வேண்டும் என்றால் இரண்டு சாரதி வேண்டும். கதவில் நிற்கும் தம்பி இரண்டாவது சாரதி ஆகமாட்டார். பஸ் ஓட்டும் அனுமதிப்பத்திரம் அவரிடம் இருந்தால்தான் அவர் சாரதி.

"சனிக்கிழமைப் பேர் போகுமே" என்று நீங்கள் கேட்பது நமக்குக் கேட்கிறது. நாம் இரவில் போவதற்கு உண்மையான காரணமே அதுதான். ஒரு நாள் பேரை விட யாருக்கும் மனம் வராது, விடவும் முடியாது. அதனால்தான் நாளைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும் என்கிறோம். ஆண்டுக் கலண்டரை எடுத்து, சனிக்கிழமையோ திங்கட்கிழமையோ போயா விடுமுறை வரும் கிழமையைப் பாருங்கள். அந்தக் கிழமைக்கு ஆறு வாரத்துக்கு முன்பே பஸ்ஸைப் பேசுங்கள். அந்த நாட்களில் எல்லோருக்கும் பஸ் வேண்டும் என்பதால் கடைசி வாரத்தில் நல்ல வண்டியும் கிடைக்காது, விலையும் ஏறும். கதிர்காமத்துக் கொடியேற்றக் காலமும் அப்படித்தான்.

அப்படி நாள் கிடைக்காமல் ஒரு பேர் போனாலும், ஆறு வீடும் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். எது போகிறது, எதற்காகப் போகிறது என்று தெரிந்து எடுக்கும் முடிவாக அது இருக்கட்டும்.

வழியில் என்ன பார்ப்பது? முன் சீட்டில் தூங்காத ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். சாரதி அடிக்கடி கொட்டாவி விடுகிறாரா, கண்ணைத் தேய்க்கிறாரா, வண்டி வீதி ஓரத்துக்குப் போய்ப் போய் வருகிறதா, வளைவில் பிரேக்கைப் பிந்திப் பிடிக்கிறாரா என்று அவர் கவனிக்க வேண்டும். இதில் எதையாவது கண்டால், "தம்பி, பிள்ளைகளுக்கு இறங்க வேண்டும், அடுத்த டவுனில் நிறுத்துங்கள்" என்று சொன்னால் போதும். சண்டை வேண்டாம். நிறுத்தி, அவரை இருபது நிமிடம் தூங்க விடுங்கள். அந்த நேரத்தில் நாம் இறங்கிக் காலை நீட்டுவோம்.

இறக்கத்தில் இன்னொன்று. பெரிய வண்டி கீழ் கியரில் மெதுவாக இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாசம் வந்தால் பிரேக் சூடாகிவிட்டது என்று அர்த்தம். உடனே சொல்லி, ஓரத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். குறுக்குப் பாதை வேண்டாம் என்றும் முன்பே சொல்லி வையுங்கள். பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கச் செங்குத்தான பாதையில் பெரிய பஸ்ஸைத் திருப்புவது நமக்குத் தேவையில்லை.

அனுமதிப் பத்திரமும் மற்றக் கடதாசிகளும்

தனியார் பஸ் ஒன்றுக்கு ஒரு குறித்த பாதையில் ஓடத்தான் அனுமதி இருக்கும். அந்த பஸ்ஸை நாம் சுற்றுலாவுக்குப் பிடித்தால், அந்தப் பயணத்துக்கென்று தற்காலிக அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். நாம் மத்திய மாகாணத்திலிருந்து ஊவாவுக்குப் போகிறோம். மாகாணம் தாண்டும் பயணத்துக்கு அதை தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவில் எடுக்க வேண்டும். எடுப்பது பஸ் உரிமையாளரின் வேலை. எடுத்தாரா என்று கேட்பது நமது வேலை. இல்லாமல் போய், வழியில் பொலிஸ் நிறுத்தினால் தண்டப்பணம் அவருக்கு, வீதியோரத்தில் காத்திருப்பது பிள்ளைகளோடு நாம்.

டிப்போவிலும் இ.போ.ச. பஸ்ஸை வாடகைக்குக் கேட்கலாம். திகதி, ஆட்கள் தொகை, போகும் இடங்கள், தங்கும் இரவு எல்லாம் எழுதி டிப்போ முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்து, காசு கட்டிப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். அங்கேயும் கிலோமீற்றர், தரிப்புக் கூலி, சாரதியின் ஓய்வு என்று அதே கேள்விகளைக் கேளுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் கிளைத் தலைவரிடம் கேட்கலாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருவர் நேரில் போய் வண்டியைப் பார்க்க வேண்டும். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தில் வண்டி இலக்கமும் முடியும் திகதியும் இருக்கும். நமது பயண நாளுக்கு முன் அது முடிகிறதா என்று பாருங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் வாடகைக்கு ஓட அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். வேன் பிடிப்பவர்களுக்கு இது மிக முக்கியம். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வேனில் காசு கொடுத்துப் போய், ஏதும் நடந்தால் காப்புறுதிக் கம்பனி கையை விரிக்கலாம். அதோடு 9 சீட்டுக்கு மேற்பட்ட வேனைச் சாதாரண கார் அனுமதிப்பத்திரத்தோடு ஓட்ட முடியாது. சாரதி ஆசனத்தோடு 33 சீட் வரை டி1 வகுப்பும், அதற்கு மேல் டி வகுப்பும் சாரதியின் அனுமதிப்பத்திரத்தில் இருக்க வேண்டும். டயரையும் பாருங்கள். வழுவழு என்று தேய்ந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

காட்டிய வண்டி ஒன்று, வரும் வண்டி இன்னொன்று என்பதும் நடக்கும். அதனால் வண்டி இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்வோம்

பேசியதையெல்லாம் ஒரு கடதாசியில் எழுதி இருவரும் கையொப்பம் இட வேண்டும். உரிமையாளருக்குச் சிங்களம்தான் தெரியும் என்றால், படித்த பிள்ளை ஒன்றைக் கொண்டு இரண்டு மொழியிலும் எழுதுங்கள். பெரிய பத்திரம் தேவையில்லை. நமது கணக்குக்கு இப்படி எழுதினால் போதும்:

"இந்த இலக்கமுடைய 45 சீட் பஸ், சாமான் பெட்டியோடு. சனி காலை 5 மணிக்குத் தோட்டச் சந்தியில் ஏற்றி, நுவரெலியா, எல்ல, வெல்லவாய வழியாகக் கதிர்காமம் போய், ஓர் இரவு தரித்து, ஞாயிறு காலை 10 மணிக்கு முன் புறப்பட்டு அதே சந்தியில் இறக்க வேண்டும். 480 கிலோமீற்றருக்கு 100,800 ரூபா, மேலதிகம் கிலோமீற்றருக்கு 210 ரூபா, தரிப்புக் கூலி 6,000. சாரதிக்குக் கதிர்காமத்தில் இரவுத் தூக்கம், முதல் நாள் இரவு வேறு ஓட்டம் இல்லை. தற்காலிக அனுமதிப் பத்திரம் உரிமையாளர் எடுக்க வேண்டும். வண்டி பழுதானால் அவர் செலவில் வேறு வண்டி. முற்பணம் இவ்வளவு, மிகுதி திரும்பி வந்த பின்."

பயணத்தை நிறுத்த வேண்டி வந்தால் முற்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். நமது வீடுகளில் திடீரென்று ஒரு சாவு விழுந்தால் பயணம் நின்றுவிடும் அல்லவா? முற்பணம் நாலில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். புறப்படும்போதும் திரும்பி வந்தபோதும் கிலோமீற்றர் மீற்றரில் உள்ள இலக்கத்தை ஒருவர் போனில் படம் எடுத்து வைத்தால், கடைசியில் கணக்குச் சண்டை வராது.

சாரதியின் இரவுத் தூக்கத்தைப் பற்றிய அந்த வரியை எழுத ஒருவர் மறுத்தால், அந்த பஸ் நமக்கு வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். வேறு நாள் பார்ப்போம், வேறு வண்டி பார்ப்போம்.

வழியில் பஸ் பற்றிய முறைப்பாடு என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955, பொலிஸ் அவசரத்துக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. இந்த மூன்று இலக்கத்தையும் முன் சீட்டில் உட்காரும் பெரியவரின் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் தோட்டத்தில் அடுத்த பயணம் எப்போது, யார் பஸ் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். அட்வான்ஸ் ஏற்கனவே கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. எத்தனை கிலோமீற்றர், சாரதி எங்கே தூங்குவார், அனுமதிப் பத்திரம் எடுத்தாயிற்றா என்ற இந்த மூன்று கேள்வியையும் போனில் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.